ஒரே ஒரு முடிவு: பிளேடெஸ்ட் கேள்விக்குப் பதில் சொல்வது எப்படி

ஜூனியர் கேம் டிசைனர் வேலைக்குப் போகிறவரிடம் எப்படியும் ஒரு கேள்வி வரும். "உங்க கேம்ல நீங்க எடுத்த ஒரு டிசைன் முடிவைச் சொல்லுங்க. பிளேடெஸ்ட்டுக்கு அப்புறம் என்ன மாறுச்சு?" பெரும்பாலானோர் இதைக் கேட்டதும் தங்கள் ஆட்டத்தின் கதை, கதாபாத்திரங்கள், எத்தனை லெவல், எந்த எஞ்சின் என்று தொடங்கி விடுகிறார்கள். இரண்டு நிமிடம் ஓடிவிடும். கேட்டவர் காத்திருந்த முடிவு மட்டும் வந்திருக்காது. வந்தாலும் "எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது, சில பட்டன்களை மட்டும் மாத்தினோம்" என்ற அளவில் நின்றுவிடும்.

கேட்பவருக்கு வேண்டியது நான்கு விஷயங்கள். வேறு எந்த வழிகள் இருந்தன, ஏன் இதைத் தேர்ந்தீர்கள்? ஆடுபவர் என்ன செய்வார் என்று எதிர்பார்த்தீர்கள்? உண்மையில் என்ன செய்தார்? அந்த இடைவெளிக்குக் காரணம் என்னவென்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நான்காவதுதான் கடினமானது. வேலைக்கு எடுப்பதும் எடுக்காததும் பெரும்பாலும் அதில்தான் தீர்மானமாகிறது.

உலகம் அறிந்த ஓர் உதாரணத்தைப் பார்த்துவிடுவோம். 2009-இல் பாப்கேப் நிறுவனம் வெளியிட்ட 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜோம்பீஸ்' ஆட்டத்தை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஃபேன். அதில் சூரியகாந்திச் செடி வெயிலைச் சேர்த்துத் தரும். அந்த வெயிலைச் செலவழித்துத்தான் சுடும் செடிகளை நட முடியும். ஆகவே முதலில் சூரியகாந்தி நடுவதுதான் நல்ல ஆட்டம். ஆனால் தொடக்கத்தில் அதன் விலையும் பட்டாணி சுடும் செடியின் விலையும் ஒன்றுதான்: 100. ஆடியவர்கள் சூரியகாந்தியை ஒதுக்கிவிட்டுச் சுடும் செடியை வாங்கினார்கள். 'முதலில் சூரியகாந்தி நடுங்கள்' என்று பெரிய எழுத்தில் திரையில் போட்டிருக்கலாம். ஃபேன் அதற்குப் பதிலாகச் சூரியகாந்தியின் விலையை 50 ஆக்கினார். ஆடுபவர்கள் தாமாகவே அதை முதலில் நடத் தொடங்கினார்கள். ஒரு நடத்தை, அதன் காரணம், ஓர் எண், மாறிய நடத்தை. உங்கள் பதிலும் இந்த வரிசையில் வரவேண்டும்.

இதற்குப் பெரிய ஸ்டுடியோவில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. காகிதத்தில் வெட்டிய அட்டைகளே போதும். அதைக் காட்ட, இந்த அத்தியாயத்துக்காக ஒரு விண்ணப்பதாரரைக் கற்பனையாக அமைத்துக்கொள்கிறேன். காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண், டிப்ளமோ முடித்தவர், சென்னையில் ஒரு மொபைல் கேம் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார். அவர் பெயர் நமக்குத் தேவையில்லை; ஆட்டம்தான் தேவை.

ஆட்டம் பிறந்த இடம்

காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி கட்டிய துறைமுகம் 2018 முதல் அதானி குழுமத்தின் கையில் இருக்கிறது. தெற்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம். இரண்டுக்கும் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் போய்வரும் சாலைகளைப் பார்த்து வளர்ந்தவர் இந்தப் பெண். யார்டுக்குள் கன்டெய்னர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். கப்பல் வந்ததும் அதற்குரிய கன்டெய்னரை எடுக்க வேண்டும். அது அடியில் இருந்தால், மேலே இருப்பதையெல்லாம் கிரேன் தூக்கி வேறிடத்தில் வைத்த பிறகே எடுக்க முடியும். அந்தத் தூக்குக்குக் காசு வராது. டீசலும் நேரமும்தான் போகும். ஆட்டத்தில் இதற்கு 'வீண் தூக்கு' என்று பெயர். வீண் தூக்கு குறைந்தவர் வெற்றி பெறுகிறார்.

முதல் வடிவம் இது. நான்கு அடுக்குகள், ஒவ்வொன்றிலும் மூன்று பெட்டி உயரம் வரை வைக்கலாம். மூன்று கப்பல்கள். சிவப்பு முதலில் கிளம்பும், அடுத்து நீலம், கடைசியில் பச்சை. ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று பெட்டிகள், ஆக மொத்தம் ஒன்பது. பெட்டி அட்டைகளைக் கலைத்துக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து ஏதாவது ஓர் அடுக்கின் மேல் வைக்க வேண்டும். ஒன்பதும் வந்த பிறகு கப்பல் வரிசைப்படி எடுக்க வேண்டும். மேலே இருக்கும் பெட்டியை மட்டும்தான் தொடலாம்.

இதில் அவர் எடுத்த முடிவு: வரப்போகும் பெட்டிகளில் எத்தனையை ஆடுபவருக்குக் காட்டுவது? ஒன்றையும் காட்டாவிட்டால் ஆட்டம் அதிர்ஷ்டமாகிவிடும். எல்லாவற்றையும் காட்டினால் ஆடுபவர் பேசாமல் உட்கார்ந்து கணக்குப் போடுவார்; கை அசையாது. அதனால் அடுத்த மூன்றை மட்டும் திறந்து வைப்பது என்று முடிவுசெய்தார். 'அடுத்த மூன்றைப் பார்த்து இப்போதைய பெட்டிக்கு இடம் தேர்ந்தெடுப்பார்கள்' என்பது அவருடைய எதிர்பார்ப்பு. இந்த வரியை பிளேடெஸ்ட்டுக்கு முன்பே நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பிறகு எழுதினால், நடந்ததையே எதிர்பார்த்ததாக மனம் மாற்றிக்கொள்ளும்.

சோதனையில் நடந்தது

சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் விடுதித் தோழிகள் சிலரும், டிரெய்லர் ஓட்டும் ஓர் அண்ணனும். அந்தப் பெண் விதியை ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். இது சொல்வதற்கு எளிது, செய்வது கடினம். உங்கள் ஆட்டத்தில் ஒருவர் தடுமாறும்போது கை தானாக நீளும். நீளக் கூடாது. கேள்வி கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். நோட்டில் எழுத வேண்டியது அவர்கள் செய்ததை: எங்கே பார்த்தார், எந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார், எதைத் தயங்காமல் வைத்தார். 'குழம்பினார்' என்று எழுதாதீர்கள். அது நீங்கள் கொடுக்கும் விளக்கம். 'மூன்றாவது பெட்டியை இரண்டு அடுக்குகளுக்கு மேலே மாற்றி மாற்றிப் பிடித்தார்' என்று எழுதினால், ஒரு வாரம் கழித்தும் அதிலிருந்து வேறொரு விளக்கத்தை எடுக்க முடியும்.

நடந்தது என்னவென்றால், திறந்து வைத்த மூன்று அட்டைகளை யாரும் பார்க்கவே இல்லை. எல்லோரும் வேகமாக ஆடினார்கள், எல்லோருமே வீண் தூக்கு இல்லாமல் முடித்தார்கள். "நல்லா இருக்கு" என்றும் சொன்னார்கள்.

முதலில் அவருக்குத் தோன்றிய காரணம், அட்டைகள் ஓரமாகவும் சிறியதாகவும் இருக்கின்றன என்பது. பெரிதாக்கி நடுவில் வைத்தார். இப்போது எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் பெட்டிகளை வைத்த விதம் மாறவில்லை. பல விண்ணப்பதாரர்கள் தங்கள் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள்: "கண்ணுக்குத் தெரியலைன்னு பெருசாக்கினோம், சரியாயிடுச்சு." பார்வை மாறியது உண்மைதான். ஆட்டத்தில் எடுக்கும் முடிவு மாறியதா என்பதுதான் கேட்கப்பட வேண்டியது.

அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு; எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். சந்தேகத்துக்குரிய தகவலை மூடிவிட்டு ஆடச் சொல்லுங்கள். அந்தப் பெண் மூன்று அட்டைகளையும் கவிழ்த்துவிட்டு வேறு சிலரை ஆட வைத்தார். அப்போதும் வீண் தூக்கு இல்லை. ஒரு தகவலை எடுத்துவிட்டாலும் ஆட்டத்தின் முடிவு மாறவில்லை என்றால், அந்தத் தகவலால் ஆடுபவருக்கு எந்தப் பயனும் இல்லை. அதை எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும் பயன் வராது.

ஏன் பயனில்லை என்பது பலகையைப் பார்த்தாலே தெரியும். மூன்று கப்பல்கள், நான்கு அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கிலும் மூன்று இடம். சிவப்பெல்லாம் ஓர் அடுக்கில், நீலமெல்லாம் ஓர் அடுக்கில், பச்சையெல்லாம் ஓர் அடுக்கில். நிறம் பார்த்துப் பிரித்தாலே ஆட்டம் முடிந்தது. நான்காவது அடுக்கே மிச்சம். எல்லாச் சூழலிலும் ஒரே உத்தி வெல்கிறது என்றால் ஆடுபவர் முடிவு எதுவும் எடுக்கவில்லை என்று பொருள். தொடக்க நிலை டிசைனர்களின் ஆட்டங்களில் நான் அதிகம் பார்த்திருக்கும் கோளாறு இதுதான். ஆடுபவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதால் இது எளிதில் கண்ணில் படாது.

மாற்றமும் அது கொண்டுவந்த சிக்கலும்

அவர் அடுக்குகளை மூன்றாகக் குறைத்தார்; உயரத்தை நான்காக்கினார்; கப்பல்களை நான்காக்கினார். சிவப்பு, நீலம், பச்சை, கடைசியில் மஞ்சள். மொத்த இடம் முன்போலவே பன்னிரண்டு. ஆனால் நான்கு நிறத்தை மூன்று அடுக்கில் தனித்தனியாக வைக்க முடியாது. எங்கேயாவது ஒன்றின்மேல் இன்னொன்று வந்தே தீரும். எதன்மேல் எது என்பதுதான் இப்போது கேள்வி.

ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்போம். முதல் அடுக்கில் ஒரு மஞ்சள், இரண்டாவதில் ஒரு பச்சை, மூன்றாவதில் ஒரு நீலம் இருக்கின்றன. கையில் சிவப்பு. சிவப்பு முதலில் கிளம்புவதால் எதன்மேல் வைத்தாலும் இப்போதைக்குத் தவறில்லை. திறந்திருக்கும் மூன்று அட்டைகள்: மஞ்சள், நீலம், சிவப்பு. பார்க்காமல் சிவப்பை மஞ்சள் அடுக்கில் வைத்துவிட்டால், அடுத்து வரும் மஞ்சளுக்குப் போக நல்ல இடமே இல்லை. கடைசியில் கிளம்பவேண்டிய பெட்டி அது. சிவப்பின் மேலோ, பச்சையின் மேலோ, நீலத்தின் மேலோ எங்கே உட்கார்ந்தாலும் ஒரு வீண் தூக்கு நிச்சயம். அந்தத் தூக்கு இன்னொன்றையும் இழுத்துவரலாம். அட்டைகளைப் பார்த்தவர் சிவப்பைப் பச்சையின் மேல் வைப்பார். பிறகு மஞ்சள் மஞ்சளோடு, நீலம் நீலத்தோடு, அடுத்த சிவப்பு முதல் சிவப்பின் மேல். ஒரு வீண் தூக்கும் இல்லை. 'அடுத்த மூன்று' என்ற பழைய முடிவு இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியது. முடிவு தவறாக இருக்கவில்லை. அதற்கு வேலை கொடுக்காத பலகைதான் தவறு.

கூடவே புதிய சிக்கலும் வந்தது. கப்பல் கூடியதால் பெட்டிகளைப் பத்தாக்கியிருந்தார். ஓர் ஆட்டம் நடுவில் நின்றுபோனது. நான்கு உயரமுள்ள அடுக்கின் அடியில் சிவப்பு, அதன்மேல் மூன்று பெட்டிகள். அந்த மூன்றையும் வேறெங்காவது வைக்க வேண்டும். மீதி ஆறு பெட்டிகள் மற்ற இரண்டு அடுக்குகளில் இருக்க, அங்கே காலி இடம் இரண்டுதான். மூன்றாவது பெட்டிக்கு இடமில்லை. ஆடியவர் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார்.

இதற்குப் புதிய விதி எழுதத் தேவையில்லை, கணக்குப் போட்டாலே போதும். ஓர் அடுக்கின் அடியில் உள்ள பெட்டியை எடுக்க, உயரத்தில் ஒன்று குறைத்து அத்தனை பெட்டிகளை நகர்த்த வேண்டும். உயரம் நான்கு என்றால் மூன்று இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. பெட்டிகள் ஒன்பதாக இருக்கும்வரை எந்த நிலையிலும் ஆட்டம் முட்டி நிற்காது, பத்தானால் நிற்கலாம். கன்டெய்னர் யார்டு பற்றிய ஆய்வுகளிலும் இதே கணக்குதான்: அடுக்கின் உயரத்தில் ஒன்று குறைத்து அத்தனை இடத்தைக் காலியாக விட்டால்தான் அந்த வரிசைக்குள்ளேயே எதையும் தோண்டி எடுக்க முடியும். அவர் பெட்டிகளை மீண்டும் ஒன்பதாக்கினார்: சிவப்புக்கு மூன்று, மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு.

கடைசியாக, மூடிப் பார்க்கும் சோதனையை மறுபடியும் செய்தார். அட்டைகள் திறந்திருந்தபோது ஓரிரண்டு வீண் தூக்கு, மூடியபோது நான்கைந்து. இங்கே ஒரு கவனம் தேவை. ஒரே ஆளை ஒரே அட்டை வரிசையில் இரண்டு முறை ஆடவிட்டால், இரண்டாவது முறை நன்றாக ஆடுவதற்கு நினைவுதான் காரணமாக இருக்கும். ஒரே வரிசையை இரு வேறு ஆட்களுக்குக் கொடுங்கள். அப்போதும் ஆளுக்கு ஆள் திறமை வேறுபடும். நான்கைந்து பேரை வைத்துப் பெரிய முடிவு சொல்லிவிட முடியாது. திசையை மட்டும் சொல்லலாம். நேர்காணலிலும் திசையாகவே சொல்லுங்கள். 'எழுபத்தைந்து சதவீதம் முன்னேற்றம்' என்று நான்கு பேரை வைத்துச் சொன்னால், அனுபவமுள்ளவர் அடுத்த நொடியே "எத்தனை பேர்?" என்று கேட்பார்.

இதைப் பேச்சில் சொல்லும்போது

மேலே விரித்ததை எல்லாம் இரண்டு நிமிடத்தில் அடக்க வேண்டும். இப்படிச் சொல்லலாம்:

"எங்க ஊர் காட்டுப்பள்ளி பக்கம். அங்க கன்டெய்னர் யார்டை வச்சு ஒரு அட்டை கேம் பண்ணினேன். பெட்டிங்களை அடுக்கணும், அப்புறம் கப்பல் வரிசைப்படி எடுக்கணும். மேல இருக்கிறதை நகர்த்த வேண்டி வந்தா அது வீண் தூக்கு. வரப்போற பெட்டியில எத்தனையைக் காட்டுறதுங்கிறதுதான் என் முடிவு. ஒண்ணுமே காட்டலைன்னா அதிர்ஷ்டம் ஆயிடும், எல்லாத்தையும் காட்டினா கணக்குப் பரீட்சை ஆயிடும். அதனால மூணு காட்டினேன். அதைப் பார்த்து முன்கூட்டியே இடம் விடுவாங்கன்னு எதிர்பார்த்தேன்.

டெஸ்ட்ல யாரும் அதைப் பார்க்கலை. அட்டையைப் பெருசாக்கினேன், பார்த்தாங்க, ஆனா வைக்கிற விதம் மாறலை. அப்புறம் அந்த மூணையும் மூடிட்டு ஆட வச்சேன். அப்பவும் ஜெயிச்சாங்க. அப்பதான் தெரிஞ்சது, பிரச்சினை அட்டையில இல்லை, பலகையில. மூணு கப்பலுக்கு நாலு அடுக்கு இருந்ததால கலர் பிரிச்சு வச்சாலே போதும். அடுக்கை மூணாக்கி, கப்பலை நாலாக்கினேன். அதுல ஒரு ஆட்டம் நடுவுல முட்டி நின்னுடுச்சு. நாலு உயரத்துக்கு மூணு இடம் காலியா இருக்கணும்னு கணக்கு வந்தது, அதனால பெட்டியைப் பத்துல இருந்து ஒன்பதாக்கினேன். மறுபடி மூடி டெஸ்ட் பண்ணினப்ப, மூடினவங்களுக்கு வீண் தூக்கு அதிகமாச்சு. சில பேரை வச்சுதான் பார்த்தேன், ஆனா திசை தெளிவா இருந்தது. மூணுங்கிற முடிவு அப்படியே இருக்கு. அதைச் சுத்தி இருந்ததுதான் மாறுச்சு."

இந்தப் பதிலில் ஆட்டத்தின் அறிமுகம் மூன்று நான்கு வாக்கியம்தான். 'ரொம்பப் பிடிச்சிருந்தது' என்ற பேச்சே இல்லை. முதல் திருத்தம் பலிக்கவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. அட்டையைப் பெரிதாக்கியதைச் சொல்லாமல் நேராகப் பலகைக்குப் போயிருந்தால், காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அடுத்து வரும் கேள்விகள்

"ஏன் மூணு? ஐந்து ஏன் இல்லை?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஐந்தைச் சோதித்திருந்தால் கண்டதைச் சொல்லுங்கள். சோதிக்கவில்லையென்றால் அப்படியே சொல்லிவிட்டு, சோதித்தால் எதைக் கவனிப்பீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்: "ஐந்து பண்ணிப் பார்க்கலை. பண்ணினா ஒவ்வொரு பெட்டியையும் வைக்க எவ்வளவு நேரம் எடுக்குறாங்கன்னு பார்ப்பேன். ஒன்பதுல கையில ஒண்ணு, கண்ணு முன்னாடி ஐந்துன்னா முதல் பெட்டியிலயே ஆட்டத்துல பாதிக்கு மேல தெரிஞ்சுடும்." இந்தப் பதில் ஐந்தைச் சோதித்ததாகப் பொய் சொல்வதைவிடப் பலமடங்கு மேல். பொய் சொன்னவரிடம் மூன்றாவது கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும்.

"யார் சொன்ன யோசனையை ஏத்துக்கலை?" என்பது இன்னொன்று. டிரெய்லர் ஓட்டும் அண்ணன், "யார்டுல எடையையும் பாத்துதாம்மா வைப்பாங்க, அதையும் சேத்துக்கோ" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது உண்மை. ஆனாலும் அந்தப் பெண் அதைச் சேர்க்கவில்லை. ஆடுபவர் ஏற்கெனவே கப்பல் வரிசையையும் வரப்போகும் அட்டைகளையும் மனதில் வைத்திருக்கிறார். எடையையும் சேர்த்தால் ஆட்டத்தின் மையமான முடிவு, அதாவது எதன்மேல் எது, மங்கிவிடும். சொன்னவரைக் குறைத்துப் பேசாமல் இதைச் சொல்ல வேண்டும். யோசனையின் பின்னால் ஒரு குறை இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். அவரிடம் "இப்ப எது குறையுதுண்ணே?" என்று கேட்டபோது, "ஒண்ணும் குறையல, நெஜத்துல இருக்குன்னு சொன்னேன்" என்றார். குறையைச் சரிசெய்ய வந்த யோசனை அல்ல என்பதால் விட்டுவிடலாம். மாறாக, "எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கு, சலிக்குது" என்று சொல்லியிருந்தால், எடை வேண்டாம் என்றாலும் அந்தச் சலிப்புக்கு வேறு வழி தேடியிருக்க வேண்டும்.

நேர்காணலுக்குப் போகும்போது இரண்டு பலகைகளையும், அதாவது நான்கு அடுக்கு உள்ள பழையதையும் மூன்று அடுக்கு உள்ள புதியதையும், ஒரு ஃபைலில் எடுத்துச் செல்லுங்கள். கூடவே சோதனை நோட்டின் பக்கங்கள், தேதியோடு, திருத்தி அழகாக எழுதாமல் அன்றைக்கு எழுதியபடியே. கேட்பவருக்கு நேரமிருந்தால், மேலே சொன்ன சிவப்புப் பெட்டிக் கட்டத்தை அவர் முன்னால் அடுக்கிவிட்டு, "இதை எங்க வைப்பீங்க?" என்று அவர் கையிலேயே பெட்டியைக் கொடுங்கள். அவர் வைத்து முடிக்கும்வரை பேசாதீர்கள்.